பீங்கானைப் பிரித்தோம், மூச்சைப் பிரிக்கவில்லை



இதை எழுதினால் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பேர் கோபிப்பார்கள் என்று தெரியும். ஒருவர் ஏற்கனவே எங்களோடு கதைப்பதில்லை. இருந்தாலும் மாரி தொடங்கிவிட்டது. யன்னல்களைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஹோலுக்குள் பாய் விரித்துப் படுக்கிற காலம். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் 38 பிள்ளைகளில் 11 பேர் ஒரே கிழமையில் வரவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறோம்.

எங்கள் ஊர் வீடுகளில் காய்ச்சல், இருமல் என்று ஒருவர் விழுந்தால் முதலில் என்ன செய்கிறோம்? ஒரு பீங்கானும் ஒரு கிளாஸும் ஒதுக்குகிறோம். துவாயைப் பிரிக்கிறோம். பிறகு "நாங்க கவனமாத்தான் இருக்கிறம்" என்று எல்லோருக்கும் சொல்கிறோம். அன்றிரவு அதே ஆள் உம்மா, வாப்பா, மூத்தம்மா படுக்கிற அதே ஹோலில், அதே ஃபேனுக்குக் கீழே, அதே காற்றை இழுத்து விட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம் தூங்குகிறார். பீங்கான் தனி, மூச்சு கூட்டு. இதற்குப் பெயர் தனிமைப்படுத்தல் இல்லை, மனதைத் தேற்றிக்கொள்கிற சடங்கு. இந்தச் சடங்கைச் செய்துதான் எங்கள் மூத்தம்மாவை நாங்கள் இழந்தோம்.

நடந்ததை அப்படியே சொல்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர். ஒன்பதாம் ஆண்டு படிக்கிற எங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டியூசனால் வந்து, உடம்பு உளையுது என்று படுத்துவிட்டான். இரவு 102 காய்ச்சல், வறண்ட இருமல். அடுத்த நாள் காட்டிய டொக்டர், இன்புளுவென்சா போலத்தான் இருக்கிறது, பனடோலைக் கொடுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தள்ளி வையுங்கள் என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். வந்ததும் பச்சைப் பூப்போட்ட பீங்கான் ஒன்றை அவனுக்கென்று எடுத்து வைத்தோம். அதைக் கழுவுகிற ஸ்பொன்ஜ் கூட வேறு. யாரும் எங்களைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது!

ஆனால் அவனுடைய அறையில் மழை ஒழுகியது. எனவே பாயை ஹோலில் போட்டோம். ஹோலின் மூலையில்தான் மூத்தம்மாவின் கட்டில். 78 வயது, சீனி வருத்தம் இருபது வருடமாக. இரண்டு படுக்கைக்கும் இடையில் ஆறடி இருக்கும். ஆறடி போதும் என்று நினைத்தோம். மழைக்கு யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மேலே ஃபேன் சுழன்றது.

புதன்கிழமை மூத்தம்மா சோற்றைத் தொடவில்லை. "பசிக்கல்ல புள்ள" என்றா. வயசுபோன ஆள், மாரிக்குளிர், இப்படித்தான் என்று விட்டோம். வியாழன் காலையில், இறந்து இருபது வருடமான மூத்தாப்பா கடையால் வந்துவிட்டாரா என்று கேட்டா. பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. வெள்ளி ஸுபஹுக்கு வுழூ எடுக்க எழும்பியவ கதவடியில் விழுந்தா. கையால் தொட்டுப் பார்த்தால் காய்ச்சலே இல்லை. இருமலும் பெரிதாக இல்லை. ஆஸ்பத்திரியில் விரலில் கருவியைப் போட்டுப் பார்த்தபோது ஒக்சிசன் 86. இரண்டு பக்கமும் நியூமோனியா. எட்டாம் நாள் வபாத்தானா.

ஜனாஸா வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: வயசு, அல்லாஹ்வுடைய கட்டளை. கட்டளை என்பதில் எங்களுக்கு வாதமில்லை. ஆனால் கட்டளையைச் சொல்லி, ஹோலில் விரித்த பாயை மறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது விசயத்துக்கு வருவோம். இன்புளுவென்சா, கொவிட் போன்ற சுவாசத் தொற்றுகள் முக்கியமாக எதனால் பரவுகின்றன? நோயாளி இருமும்போது மட்டுமில்லை, கதைக்கும்போதும், சும்மா மூச்சு விடும்போதும் வெளியே வருகிற மிகச் சிறிய துளிகளால். பெரிய துளிகள் சில அடிக்குள் கீழே விழுந்துவிடும். சிறியவை விழாது. சாத்திய அறைக்குள் பீடிப்புகை எப்படி நிற்குமோ அப்படி நிற்கும். ஹோலின் ஒரு மூலையில் ஒருவர் பீடி குடித்தால் ஆறடி தள்ளிப் படுத்தவருக்கு மணக்காதா? சீலிங் ஃபேன் அந்தப் புகையை வெளியே அனுப்புமா, வீடு முழுக்கப் பரப்புமா? ஏசி அறை இன்னும் மோசம். எங்கள் வீடுகளில் பூட்டுகிற ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே குளிராக்கித் திருப்பித் தருகிறது. "பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாரும் ஏசி ரூமுக்குள்ள படுங்க" என்கிற வீடுகளை எங்களுக்குத் தெரியும்.

நேரமும் முக்கியம். இன்புளுவென்சா வந்தவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குகிறார். முதல் மூன்று நாள்தான் மிகக் கூடுதல். பிறகு குறைந்து, ஐந்து முதல் ஏழு நாள் வரை போகும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடவும் நீளும். எங்கள் வழக்கம் என்ன? முதல் இரண்டு நாள் "சும்மா தடிமன்" என்று விட்டுவிட்டு, மூன்றாம் நாள் கடுமையானதும் பீங்கானைப் பிரிப்பது. வெள்ளம் போன பிறகு அணை கட்டுகிற வேலை.

அப்படியானால் பீங்கானைப் பிரிக்கத் தேவையில்லையா? நோயாளி சாப்பிட்ட பாத்திரத்தைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினால் அது சுத்தம்தான். வேறு ஸ்பொன்ஜும் தேவையில்லை, வேறு அலுமாரியும் தேவையில்லை. கழுவாமல் பாவிப்பதுதான் பிரச்சினை. அதைத்தான் நாங்கள் செய்கிறோம். பேரப்பிள்ளை பாதியில் வைத்த தேத்தண்ணியை வீணாக்கக்கூடாது என்று மூத்தம்மா குடிப்பா. பிள்ளை மிச்சம் வைத்த சோற்றை அதே பீங்கானில் உம்மா சாப்பிடுவா. ஒரே கரண்டியால் இரண்டு பேருக்கு ஊட்டுவோம். பச்சைப் பீங்கானைப் பிரித்து வைத்த எங்கள் வீட்டிலேயே மகன் வைத்த மிச்சத்தை மூத்தம்மா எடுத்ததை அடுத்த நாள்தான் கண்டோம்.

சஹனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்வது எங்கள் அடையாளம், அதை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் இருமிக்கொண்டிருக்கிற ஒருவர் அதில் உட்காரும்போது கை படுவது மட்டுமல்ல விசயம். ஆறு முகங்கள் இரண்டடிக்குள், மாஸ்க் இல்லாமல், கதைத்துச் சிரித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கின்றன. "வருத்தக்காரருக்கு வேற கரண்டி குடுத்தம்" என்பது அதற்குப் பதிலாகாது. இருமுகிறவருக்குச் சாப்பாட்டைத் தனியே வீட்டுக்கு அனுப்புங்கள். அதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

வயிற்றோட்டம், வாந்தி, ஏ வகை மஞ்சள் காமாலை என்றால் கதை வேறு. அங்கே கை, பாத்திரம், தண்ணீர், டொய்லட் இவைதான் பாதை. அதைக் காற்று நோயோடு கலக்கக்கூடாது.

பீங்கானைப் பிரிக்கிற வழக்கம் இன்னொரு அநியாயத்தையும் செய்கிறது. காசநோய் வந்து, ஆறு மாதம் ஒழுங்காக மருந்து குடித்து, சுகமென்று மார்புச் சிகிச்சை நிலையத்தில் சொல்லி அனுப்பிய ஒரு மனிதருக்கு இன்றுவரை அவருடைய வீட்டில் தனிக் கிளாஸ். காசநோய் கிளாஸால் பரவுவதில்லை, காற்றால் பரவுகிறது. மருந்து வேலை செய்கிற சாதாரண காசநோயில், ஒழுங்காக மருந்து தொடங்கி இரண்டு கிழமை அளவில் பெரும்பாலானவர்கள் பரப்புவது நின்றுவிடும், அதைச் சளியைப் பார்த்து டொக்டர் சொல்வார். ஆனால் அந்த மனிதர் மருந்து தொடங்குவதற்கு முன் மூன்று மாதம் இருமிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய காலத்தில் பயப்படவில்லை. பயம் தேவையில்லாத காலத்தில் ஆளையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மாஸ்க் கதைக்கு வருவோம். வீட்டுக்குள் மாஸ்க் என்றாலே எங்களுக்குச் சிரிப்பு. போட்டாலும் மூக்குக்குக் கீழே. நோயாளிக்கு மருந்து கொடுக்கப் போகிறவர் போட்டுக்கொண்டு போவார், உள்ளே போனதும் "கேக்குதா" என்று கழற்றிவிட்டுக் கதைப்பார். சில பெண்கள் ஷோலின் ஓரத்தால் மூக்கை மூடிக்கொண்டு போகிறார்கள், அதை மாஸ்க் என்று நினைக்கிறார்கள். ஒற்றைத் துணி, நாலு பக்கமும் இடைவெளி. மூச்சு எளிதான வழியால்தான் போகும், வரும்.

நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க் நோயாளிக்கு நல்லது. அவர் வெளியே விடுகிற துளிகளில் பெரும் பங்கை அது பிடிக்கும். ஆகவே நோயாளி அறையை விட்டு வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும், யாராவது அறைக்குள் போகிற ஒவ்வொரு தடவையும் அவர் அதைப் போட வேண்டும். பராமரிக்கிறவருக்கு என்95 அல்லது கேஎன்95 நல்லது. அது விலை கூட என்பது உண்மை. ஆனால் ஒருவர்தான் உள்ளே போகிறார் என்றால் இரண்டு மூன்று வாங்கினால் போதும். நனையாமல் கிழியாமல் இருக்கும்வரை, கடதாசிப் பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஒன்றுவிட்டு ஒன்று பாவிக்கலாம். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டுப் பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் காற்று அடித்தால் அது பொருந்தவில்லை. தாடி வைத்தவர்களுக்கு ஒரு விசயம்: தாடிக்கு மேலே என்95 முகத்தோடு ஒட்டாது, ஓரத்தால் காற்று போகும். ஆகவே தாடி வைத்த வாப்பா பராமரிப்பதைவிட, பொருத்தமாகப் போடக்கூடிய வேறு ஒருவர் பராமரிப்பது புத்தி. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாஸ்க் போடவே கூடாது. தூங்கும்போது யாருக்கும் மாஸ்க் இல்லை. அதனால்தான் முதலில் படுக்கையைப் பிரியுங்கள் என்கிறோம்.

இனி எங்களுக்கு வருகிற பதில்கள்.

முதலாவது, தொற்று என்று ஒன்றில்லை என ஹதீஸ் இருக்கிறதே என்பார்கள். அந்த ஹதீஸைச் சொல்கிறவர்கள், நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்ற ஹதீஸை ஏன் சொல்வதில்லை? கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்றதை ஏன் சொல்வதில்லை? ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரழி) அவர்கள் வழியில் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து ஆலோசனை கேட்டுத் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டதும், விதியிலிருந்து விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் சொன்ன பதிலும் மத்ரஸாவில் படித்த எல்லோருக்கும் தெரியும். நோய் தானாகவே, அல்லாஹ்வின் நாட்டமின்றிப் பரவும் என்ற ஜாஹிலிய்யா நம்பிக்கையைத்தான் அந்த முதல் ஹதீஸ் மறுக்கிறது என்று உலமாக்கள் விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். பாயை ஹோலில் விரிக்கலாம் என்பதற்கு அது ஆதாரமில்லை.

இரண்டாவது, நோய் விசாரிக்க வருவது ஸுன்னத் என்பார்கள். ஸுன்னத்தான். ஆனால் பன்னிரண்டு பேர் வந்து, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, பிளேன்டி குடித்து, அப்படியே தங்கள் வீட்டுக் கிழவரிடம் போவதற்குப் பெயர் விசாரிப்பா? கேட்டடியில் நின்று யன்னலால் கதைத்துவிட்டுப் போங்கள், கோல் எடுத்து துஆச் செய்யுங்கள். உம்ரா முடித்து வருகிறவர்களின் வீடு இன்னொன்று. லட்சக்கணக்கானவர்கள் நெருங்கியிருந்த இடத்திலிருந்து இருமலோடு வருகிறார்கள். அன்றிரவே ஊர் முழுக்கப் போய் முஸாபஹா, கட்டிப்பிடிப்பு, ஸம்ஸம். ஹாஜிகளின் இருமல் புதினமில்லை. வந்த முதல் கிழமை இருமல் உள்ளவர் வயோதிபர்களிடம் போகாமல் இருந்தால் அவருடைய உம்ராவுக்கு என்ன குறை வந்துவிடும்?

மூன்றாவது, வெளியே சொன்னால் வெட்கம் என்பது. இந்த விசயத்தில் எங்கள் ஆக்களுக்கு ஒரு காயம் இருக்கிறது. அதை மதிக்காமல் கதைக்க முடியாது. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருந்தது. ஜனாஸாவை எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தோம், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தோம். பிறகு ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைத் தந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆனால் அந்தச் சட்டம் போய் வருடங்களாகிவிட்டன, மறைக்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. இன்று மறைப்பதால் நாங்கள் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறோம்? எங்கள் வீட்டுக் கிழவிக்குத்தான் மறைக்கிறோம்.

நான்காவது பதில்தான் உண்மையான பதில்: வீட்டில் இடமில்லை. இரண்டு அறை, ஒரு டொய்லட், ஒன்பது பேர். இதற்கு வசதியுள்ளவர்கள் சொல்கிற "தனி அறை, தனிக் குளியலறை" என்ற அறிவுரை அச்சடித்த தாளில்தான் நிற்கும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, தங்கச்சி வீட்டில் நடந்ததைச் செய்து பார்க்கும்வரை.

கடந்த வருடம் மச்சான் உம்ராவால் வந்த இரண்டாம் நாள் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்தார். அந்த வீட்டில்தான் எங்கள் வாப்பா இருக்கிறார். 81 வயது, நெஞ்சு வருத்தம், தொய்வும் உண்டு. மூன்று சின்ன அறை, ஒரு டொய்லட். அறைச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாத வீடு. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி திறந்திருக்கும். கதவைச் சாத்தினாலும் காற்று சுவருக்கு மேலால் அடுத்த அறைக்குப் போகும். எங்கள் ஊரில் பாதி வீடு இப்படித்தான். கதவைச் சாத்திவிட்டுத் தனிமைப்படுத்தியாச்சு என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை மேலே பாருங்கள்.

அன்று பின்னேரமே நாங்கள் செய்த முதல் வேலை மச்சானை நகர்த்துவதில்லை, வாப்பாவை நகர்த்தியது. வீட்டில் மிகவும் காற்றோட்டமான இடம் முன் விறாந்தை. அதன் இரண்டு பக்கத்துக்கு மழைச்சாரலுக்குப் படங்கு கட்டி, மூன்றாவது பக்கத்தைத் திறந்தே விட்டு, வாப்பாவின் கட்டிலைப் போட்டோம். நுளம்பு வலை கட்டினோம். வேறு வீட்டுக்குக் கொண்டு போகலாமே என்று கேட்டார்கள். யோசித்தோம். ஆனால் இரண்டு நாள் மச்சானோடு ஒரே ஹோலில் இருந்தவர் அவர். அவருக்கும் ஏற்கனவே தொற்றியிருக்கலாம். இன்புளுவென்சா வெளியே தெரிய ஒன்று முதல் நான்கு நாள் எடுக்கும், கொவிட் அதைவிடவும் நீளும். இன்னொரு வயோதிபர் இருக்கிற வீட்டுக்கு அவரைக் கொண்டு போயிருந்தால் நோயையும் கொண்டு போயிருப்போம்.

மச்சானுக்கு மூலை அறை, வெளியே யன்னல் உள்ளது. சுவருக்கு மேலே திறந்திருந்த இடத்தைக் கடையில் வாங்கிய தடித்த பொலித்தீனால் மூடி டேப் ஒட்டினோம். முழுமையாக அடைபடாது, ஆனால் பெரும்பகுதி நிற்கும். மேசை ஃபேனை யன்னலடியில், வெளியே பார்க்கத் திருப்பி வைத்தோம். நோயாளிக்கு வேர்க்கிறதே, அவர் பக்கம் திருப்புங்கள் என்று மாமி சொன்னா. அப்படித் திருப்பினால் அறைக்குள் இருக்கிற காற்று கதவடியால் வீட்டுக்குள் வரும். வெளியே திருப்பினால் வீட்டுக் காற்று கதவடியால் அறைக்குள் போய் யன்னலால் வெளியேறும். சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு சாம்பிராணிக் குச்சியைப் பற்றவைத்து, சாத்திய கதவின் கீழ் இடைவெளியில் வெளிப்பக்கமாகப் பிடித்தோம். புகை உள்ளே இழுபட்டது. முதலில் வெளியே தள்ளியது, ஏனென்றால் அறையின் சீலிங் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் சரியானது. அந்த யன்னல் பக்கத்து வீட்டு யன்னலையோ வாப்பா படுக்கிற பக்கத்தையோ பார்த்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டோம். அது வெறும் வளவைப் பார்த்தது.

டொய்லட் ஒன்றுதான். மச்சான் மாஸ்க்கோடு போவார், போய் வந்ததும் சின்ன யன்னலைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் யாரும் போகவில்லை. பைப், வாளிப்பிடி, கொண்டி இவற்றைச் சவர்க்காரத் தண்ணியால் துடைத்தோம். குளிப்பு எல்லோருக்கும் கடைசியாக அவருக்கு. சாப்பாடு கதவடியில் ஒரு ஸ்டூலில். பீங்கான் வீட்டுப் பீங்கான்தான், கழுவி மற்றவற்றோடு வைத்தோம். உள்ளே போனது தங்கச்சி மட்டும், கேஎன்95 போட்டு. அவவே வாப்பாவுக்கும் மருந்து கொடுத்தால் எல்லாம் வீண் என்பதால், வாப்பாவின் வேலை முழுவதும் மருமகனுக்கு. பள்ளிக்குப் போகவில்லை, எல்லோரும் தொழுகையை வீட்டில் வெவ்வேறு இடத்தில் தொழுதோம். வாப்பாவுக்கு அதுதான் பெரிய கவலை.

வாப்பாவைப் பார்க்கிற முறையை மாற்றினோம். மூத்தம்மா எங்களுக்குப் படிப்பித்தது அது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நியூமோனியா வரும். ஆகவே காய்ச்சலைத் தேடவில்லை. காலையும் இரவும் அவர் சும்மா இருக்கும்போது ஒரு முழு நிமிடம் நெஞ்சு எத்தனை தரம் எழும்புகிறது என்று எண்ணினோம். 20க்குள் இருந்தால் சரி, 25 ஆனால் காத்திருக்கக் கூடாது. விரல் கருவியில் வாப்பாவுக்கு வழமையாகவே 95தான், தொய்வு உள்ளவர் என்பதால். முதல் நாளே அதைக் குறித்து வைத்தோம். அப்போதுதான் குறைந்தால் தெரியும். கை குளிர்ந்திருந்தால் கருவி பொய் சொல்லும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் போட வேண்டும். சாப்பாடு குறைகிறதா, பகலில் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா, நாளையும் நேரத்தையும் மாற்றிச் சொல்கிறாரா, நடையில் தள்ளாட்டமா என்று பார்த்தோம். இவற்றில் ஒன்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரி என்று முடிவு செய்திருந்தோம், நாளைக்கு இல்லை. இன்புளுவென்சாவுக்கு எதிரான மருந்தை டொக்டர் தருவதானால் அது நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பயன். மூத்தம்மாவை நாங்கள் கொண்டு போனபோது அந்த நேரமெல்லாம் கடந்திருந்தது.

மூன்றாம் நாள் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மாஸ்க் போட்டும் வந்ததே என்று சிரித்தார்கள். மச்சான் வந்த முதல் இரண்டு இரவும் அவரோடுதான் அவ படுத்தா, அப்போது யாரும் மாஸ்க் போடவில்லை. அவவும் அதே அறைக்குள் போனா. ஒரே நோய்தான், இரண்டு பேரையும் சேர்த்து வைக்கலாம். மச்சானுக்குப் பனடோல் இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பிறகு அறையை விட்டு வந்தார், ஆனால் அடுத்த ஐந்து நாளும் மாஸ்க்கோடு, விறாந்தைக்குப் போகாமல்.

வாப்பாவுக்கு வரவில்லை. நாங்கள் செய்ததால்தான் வரவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டோம். ஒருவேளை எப்படியும் வந்திருக்காது. அவர் கடந்த உம்ராவுக்குப் போகும்போது போட்ட இன்புளுவென்சா ஊசி இன்னும் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். அந்த ஊசி ஒரு வருடத்துக்குத்தான், உம்ராவுக்கு மட்டுமான ஊசியும் இல்லை. வயோதிபர் உள்ள வீட்டுக்காரர் டொக்டரிடம் கேட்டுப் போடலாம். ஆனால் ஹோலில் பாய் விரித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஒருமுறை கண்டவர்கள் நாங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறோம். பொலித்தீன், டேப், மாஸ்க். படங்கு ஏற்கனவே இருந்தது, ஃபேனும் இருந்தது. பெரிய செலவு காசு இல்லை, சொந்தம். அந்த ஒன்பது நாளும் கேட்டடியில் ஒருவர் நின்று வந்தவர்களைத் திருப்பினோம். ஸம்ஸம் போத்தலைக் கேட்டிலேயே கொடுத்தோம். சிலர் வாங்கவில்லை. பெரிய மாமா விறாந்தையில் நுளம்பு வலைக்குள் இருந்த வாப்பாவைப் பார்த்துவிட்டு, "வாப்பாவ வெளியில போட்டு அகதியாக்கிட்டீங்களே" என்று றோட்டில் நின்று சத்தம் போட்டார். வாப்பா உள்ளே இருந்து, "இஞ்ச நல்ல காத்து மச்சான், நீங்களும் வாங்க படுக்க" என்றார். மாமா திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவர் இன்னும் எங்களோடு கதைப்பதில்லை. பெருநாளுக்கும் வரவில்லை. வாப்பா முந்தநாள் அஸருக்குப் பிறகு தானே நடந்து அவருடைய வீட்டுக்குப் போய்ப் பிளேன்டி குடித்துவிட்டு வந்தார்.